பெயரும் படமும் பொறித்த பலகைக்கு லிஸ்டிங் எழுதுவது எப்படி

கேள்வி: மரப் பலகையில் லேசர் வைத்துப் படமும் பெயரும் பொறித்து ஆன்லைனில் விற்கிறேன். லிஸ்டிங்கில் "கஸ்டம் ஆர்டர், 5 நாளில் அனுப்பப்படும், ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டிருக்கிறேன். ஆனாலும் மங்கலான படம்தான் வருகிறது, நாள் தாண்டிவிட்டது என்று சண்டை வருகிறது, பெயர் தப்பு என்று திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். எப்படி எழுதினால் இது நிற்கும்?

பதில்:

மூன்று சண்டையும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. ரெடியாக இருக்கும் பொருளை வாங்குகிறவருக்குப் பணம் கட்டிய நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிடுகிறது. உங்கள் பலகையில் அந்த நிமிடத்தில் எதுவுமே முடிவாகவில்லை. அதில் என்ன பொறிக்கப் போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. அது தெரிவது, நீங்கள் அனுப்பும் மாதிரிப் படத்தைப் பார்த்து அவர் "சரி" சொல்லும் நாளில். அந்த நாளைத்தான் லிஸ்டிங்கின் நடுவில் ஆணி அடித்து மாட்ட வேண்டும். அவர் அனுப்ப வேண்டியது எல்லாம் அந்த "சரி"க்கு முன்னால். நாள் கணக்கு தொடங்குவது அதற்கு மறுநாள். திருப்பி வாங்க முடியாமல் போவதும் அதற்கு அப்புறம்தான். நானும் இதே வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். இந்த வரிசையில் எழுத ஆரம்பித்த பிறகுதான் என் இன்பாக்ஸ் அமைதியானது.

முதலில், அனுப்ப வேண்டியது. "தெளிவான படம் அனுப்பவும்" என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. யாரும் வேண்டுமென்றே மங்கலான படம் அனுப்புவதில்லை. போன் திரையில் அது அவருக்குத் தெளிவாகத்தான் தெரிகிறது. உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதை அவர் சரிபார்க்கக்கூடிய ஒரு செயலாக மாற்றிச் சொல்ல வேண்டும்.

கணக்கு எளிது. பெரும்பாலான சிறிய லேசர் மெஷின்களில் ஒளி விழும் புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதாவது ஒரு மி.மீ.க்குப் பத்துப் புள்ளி. பலகையில் படம் 15 செ.மீ. அகலம் என்றால் 1,500 புள்ளி. ஆக, வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் பகுதியில் 1,500 பிக்சலாவது அகலம் இருக்க வேண்டும். இப்போது ஒரு சாதாரண போன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 4,000 பிக்சல் அகலம். பொறிக்க வேண்டிய இருவரும் படத்தின் மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறார்கள். வெட்டினால் 1,300 சொச்சம். கொஞ்சம் குறைவுதான், ஆனால் சமாளிக்கலாம். அதே படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் அது சுருங்கிவிடும். நீளப் பக்கம் 1,600 அளவுக்கு வந்துவிட்டால் வெட்டிய பகுதியில் 530தான் மிச்சம். கண்ணும் புருவமும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புத் திட்டாகும்.

இதில் எதையும் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு இரண்டே வரி போதும்: "படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கேலரியிலிருந்து போடாமல் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், போனில் எடுத்த அசல் படமே வேண்டும்." இதை மட்டும் எழுதினால் மங்கல் படங்களில் பெரும்பகுதி நின்றுவிடும். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாலும் சரி, ஆனால் அங்கேயும் சில போன்கள் "அளவைக் குறைக்கட்டுமா" என்று கேட்கும். அசல் அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பிக்சல் இருந்தும் பொறிப்பு கெடும் படங்கள் உண்டு. மரத்தில் வெள்ளை கிடையாது, கறுப்பும் கிடையாது. மரத்தின் நிறம்தான் உங்கள் வெள்ளை, கருகிய பழுப்புதான் உங்கள் கறுப்பு. இடையில் கிடைக்கும் சாயல்கள் குறைவு. அதனால் வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு நின்றால் உடம்பு காணாமல் போய்த் தலை மட்டும் மிதக்கும். முதுகுப் பக்கம் வெயில் அடித்து முகம் இருண்டிருந்தால் முகமே ஒரு கருகல். தொப்பி நிழல், கறுப்புக் கண்ணாடி, அழகாக்கும் ஃபில்டர் எல்லாம் இதே கதை. ஃபில்டர் தோலின் மேடு பள்ளத்தை வழித்துவிடுவதால் மரத்தில் முகம் முட்டை மாதிரி வரும். பழைய அச்சுப் படத்தை போனில் படமெடுத்து அனுப்புகிறவர்களும் நிறைய. அவர்களிடம் ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் ஓரத்தில், படத்தைச் சமமாகக் கிடத்தி நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷின் பளீர்ப் பொட்டு கன்னத்தில் விழுந்துவிட்டால் அந்தக் கன்னத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதையெல்லாம் வார்த்தையில் அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். லிஸ்டிங் படங்களில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். இடது பக்கம் நன்றாக வரும் படமும் அதன் பொறிப்பும், வலது பக்கம் வராத படமும் அதன் பொறிப்பும். வராததையும் உண்மையிலேயே ஒரு துண்டு மரத்தில் பொறித்துக் காட்டுங்கள். உங்கள் சொந்தப் படத்தையே கெடுத்துக்கொள்வது உத்தமம். வாடிக்கையாளர் படத்தை அவரைக் கேட்காமல் விளம்பரத்தில் போடக்கூடாது, அதுவும் குழந்தைகள் படம் என்றால் கேட்டுக்கூடப் போடாமல் இருப்பதே நல்லது.

அடுத்து எழுத்து. இங்கே என் விதி ஒன்றே ஒன்று: அவர் டைப் செய்ததை அப்படியே நகலெடுத்து ஒட்டுவேன்; நானாக எதையும் திருத்த மாட்டேன், நானாக டைப் செய்யவும் மாட்டேன். "மீனாட்சி" என்று எழுதுகிற குடும்பம் உண்டு, "மீனாக்ஷி" என்று எழுதுகிற குடும்பம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதித் தந்து "தமிழில் போட்டுவிடுங்கள்" என்று கேட்பவர்களிடம் மட்டும் மறுத்துவிடுங்கள். ன, ண, ந மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துத்தான். நீங்கள் ஊகித்தால் பழி உங்கள் மேல்தான் விழும். தமிழில் டைப் செய்யத் தெரியாதவர் ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பட்டும். அப்போது மட்டும்தான் நீங்கள் டைப் செய்வீர்கள், அந்தத் தாள்தான் உங்கள் அத்தாட்சி.

தேதி இன்னொரு பள்ளம். 04/07 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 7, இன்னொருவருக்கு ஜூலை 4. மாதத்தை எழுத்தில் தரச் சொல்லிவிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் இதயப் படம், பூப் படம் என்று ஈமோஜி போட்டு அனுப்புவார்கள். நீங்கள் பொறிக்கும் எழுத்துருவில் அது இருக்காது, வெறும் கட்டமாக வரும். "ஈமோஜி பொறிக்க முடியாது" என்று ஒரு வரி போதும்.

தமிழ் எழுத்தில் நீங்களே கவனிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. சில டிசைன் மென்பொருள்களில் தமிழ் ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். "கோ" என்பதில் இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அது பின்னால் போய் நிற்கும். ஆங்கிலம் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தெரியாது. எழுத்தைக் கோடுகளாக மாற்றிய பிறகு, மாற்றியதைத்தான் மாதிரிப் படமாக அனுப்ப வேண்டும், மாற்றுவதற்கு முன் எடுத்ததை அல்ல. புள்ளியும் அப்படித்தான்: எழுத்து மிகச் சிறிதானால் மெய்யெழுத்தின் புள்ளி மர வரியில் மறைந்துவிடும். "இந்த அளவுப் பலகையில் அதிகபட்சம் இத்தனை எழுத்து" என்று லிஸ்டிங்கில் வரம்பு வைக்க உண்மையான காரணம் அதுதான். உங்கள் மரத்தில் ஒரே சொல்லை ஐந்து அளவில் பொறித்துப் பார்த்து, புள்ளி தெரிகிற கடைசி அளவை வரம்பாக வையுங்கள்.

இனி நாள் கணக்கு. உங்கள் "5 நாளில் அனுப்பப்படும்" என்பதை வைத்து ஒரு ஆர்டரை நடத்திப் பார்ப்போம். வெள்ளி இரவு ஆர்டர் வருகிறது, படம் இல்லை. சனி காலை கேட்கிறீர்கள். திங்கள் ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. அசலைக் கேட்கிறீர்கள், செவ்வாய் மாலை வருகிறது. புதன் மாதிரிப் படம் அனுப்புகிறீர்கள். அவர் வீட்டில் நாலு பேரிடம் காட்டிவிட்டு வெள்ளிக்கிழமை "சரி" என்கிறார். சனியும் ஞாயிறும் உங்களுக்கு விடுமுறை. திங்கள் பொறித்து, கரி துடைத்து, எண்ணெய்ப் பூச்சு ஒரு கோட். அது காய ஒரு நாள். புதன் இரண்டாவது கோட், வியாழன் பேக்கிங், கூரியர். நீங்கள் எடுத்துக்கொண்டது 4 வேலை நாள், சொன்னதைவிடக் குறைவு. அவர் எண்ணுவது வெள்ளியிலிருந்து வியாழன், 13 நாள். அதற்கு மேல் கூரியர் எடுக்கும் நாட்கள் வேறு. அவரைப் பொறுத்தவரை நீங்கள் இரண்டு மடங்குக்கு மேல் தாமதம், அவர் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை, ஏனென்றால் நீங்கள் எழுதியதை அவர் அப்படித்தான் படித்தார்.

அதனால் நாள் என்று ஒரே எண்ணை எழுதாமல் மூன்று துண்டாக எழுதுங்கள். நான் எழுதுவது இது:

"உங்கள் படமும் எழுத்தும் வந்த மறுநாளுக்குள் மாதிரிப் படம் அனுப்புவோம். நீங்கள் 'சரி' சொன்ன மறுநாளிலிருந்து 5 வேலை நாட்களில் பலகை எங்களிடமிருந்து கிளம்பும். சனி, ஞாயிறு கணக்கில் வராது. அதன் பிறகு கூரியர் எடுக்கும் நாட்கள் தனி. குறிப்பிட்ட தேதிக்குள் வேண்டும் என்றால் ஆர்டர் செய்யும் முன் கேளுங்கள்."

அந்த 5 எங்கிருந்து வந்தது என்றால், கடைசியாகச் செய்த 20 ஆர்டரில் "சரி"யிலிருந்து கூரியர் வரை ஆன நாட்களை எழுதிப் பார்த்தேன். சராசரியைப் போட்டால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தாமதமாகும். 18 ஆர்டர் எந்த எண்ணுக்குள் முடிந்ததோ அதைப் போட்டேன். பண்டிகைக் காலத்துக்கு முன் ஆர்டர் குவியும்போது இந்த எண்ணை மாற்ற மறக்காதீர்கள். மெஷின் ஒன்றுதான், பூச்சு காயும் நேரத்தையும் யாரும் விரட்ட முடியாது.

ஒரு சிக்கல்: பல விற்பனைத் தளங்களில் தயாரிப்பு நாட்களுக்கென்று தனிக் கட்டம் இருக்கும், அது பணம் கட்டிய நாளிலிருந்துதான் எண்ணும். நீங்கள் விவரத்தில் என்ன எழுதினாலும் தளம் அந்த எண்ணை வைத்துத்தான் "தாமதம்" என்று குறி போடும். அந்தக் கட்டத்தில் 5 போடாதீர்கள். மாதிரிக்கும் ஒப்புதலுக்கும் சேர்த்து 9 அல்லது 10 வேலை நாள் போடுங்கள். ஆர்டர் கொஞ்சம் குறையலாம், ஆனால் நாள் தாண்டிய சண்டைகள் அதைவிட அதிகம் குறையும்.

பதிலே வராத ஆட்களுக்கும் லிஸ்டிங்கிலேயே வழி வைத்துவிடுங்கள். படம் அனுப்பாமலோ மாதிரிக்குப் பதில் சொல்லாமலோ சிலர் மறைந்துவிடுவார்கள். "3 நாளில் பதில் இல்லையென்றால் சரி என்றே எடுத்துக்கொள்வோம்" என்று எழுதுகிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. மௌனத்தை ஒப்புதலாக வைத்துப் பொறித்துவிட்டு, அப்புறம் "நீங்கள் பேசாமல் இருந்தீர்கள்" என்று வாதாடுவது யாரிடமும் எடுபடாது. இரண்டு முறை நினைவூட்டு, பத்தாம் நாள் ஆர்டரை ரத்து செய்து முழுப் பணமும் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். மரம் இன்னும் வெறும் மரமாக இருக்கும்போது உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

இப்போது ரிட்டர்ன். "ரிட்டர்ன் கிடையாது" என்று மொட்டையாக எழுதினால், உடைந்து வந்தாலும் இவர்கள் கைவிரிப்பார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள், காரணமும் உண்மையானது: இன்னொருவர் முகம் இருக்கும் பலகையை யாருக்கும் விற்க முடியாது. தேய்த்து அழித்துத் திரும்பப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ப்ளைவுட்டின் மேல் அடுக்கு பெரும்பாலும் ஒரு மி.மீ.கூட இருக்காது, கருகலைத் தேய்த்தால் அடியில் பசை தெரியும். கெட்டி மரத்தைத் தேய்க்கலாம், ஆனால் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கும், தடிமனும் குறையும், செலவு புதுப் பலகையைத் தாண்டிவிடும்.

இந்த விலக்கு நீங்களாகப் போட்டுக்கொண்டதும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் 14 நாளில் திருப்பும் உரிமை உண்டு. ஆனால் 2011இல் வந்த அந்த நுகர்வோர் உரிமைச் சட்ட நெறியே, வாங்குபவர் சொன்னபடி செய்த பொருளையும் ஒருவருக்கென்றே ஆக்கிய பொருளையும் அதிலிருந்து விலக்கி வைக்கிறது. அளவு கொடுத்துத் தைக்கும் திரைச்சீலையை அது உதாரணமாகச் சொல்கிறது. வேலை இன்னும் தொடங்கவில்லை என்றாலும் விலக்கு பொருந்தும் என்று 2020இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு சமையலறை வழக்கில் சொல்லியிருக்கிறது. சட்டம் அவ்வளவு இடம் கொடுத்தாலும் நான் "சரி" வரைக்கும் ரத்து செய்ய விடுகிறேன். நீங்கள் விற்கும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு எல்லைகளை எங்கே விற்றாலும் மனதில் வையுங்கள்.

முதல் எல்லை: விலக்கு மனம் மாறுவதற்குத்தான், குறைபாட்டுக்கு இல்லை. பலகை விரிசலோடு போனால், அளவு மாறிப் போனால், "சரி" சொன்ன மாதிரிக்கும் பொறித்ததற்கும் வித்தியாசம் இருந்தால் அது உங்கள் செலவு. இரண்டாவது: நீங்கள் வைத்த பட்டியலிலிருந்து நிறமும் அளவும் மட்டும் தேர்ந்தெடுத்தால் பொதுவாக அது கஸ்டம் ஆகிவிடாது. வெறும் பலகையை, பொறிப்பே இல்லாமல், "பெரியது, அடர் நிறம்" என்று வாங்குபவருக்கு "ரிட்டர்ன் கிடையாது" என்றால் அது நிற்காது. பலர் வெறும் பலகையையும் பொறித்ததையும் ஒரே லிஸ்டிங்கில் இரண்டு தேர்வாக வைத்துவிட்டு இங்கேதான் மாட்டுகிறார்கள். இரண்டையும் தனி லிஸ்டிங்காகப் பிரித்துவிடுங்கள்.

நடுவில் ஒரு சாம்பல் இடம் இருக்கிறது, அதில் நான் சூடு பட்டிருக்கிறேன். ஒருவர் தாளில் எழுதி அனுப்பிய தேதியில் 14. நான் டைப் செய்தபோது 11 ஆகிவிட்டது. மாதிரிப் படம் போனது, அவரும் படத்தின் அழகைப் பார்த்துவிட்டு "சரி" என்றார். பலகை போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தார். நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் தாளில் 14 இருக்கிறதே. அவருடைய ஒப்புதல் அவர் செய்த பிழையை அவர் கணக்கில் வைக்கும், நான் செய்த பிழையைக் கழுவிவிடாது. என் செலவில் வேறு பலகை செய்து அனுப்பினேன். அவரே 11 என்று எழுதி அனுப்பியிருந்தால் விஷயம் வேறு. அப்போது பலகை விலையில் பாதிக்குத் திரும்பச் செய்து தருவதாகச் சொல்லியிருப்பேன். அந்தப் பாதி விலை ஏற்பாட்டை லிஸ்டிங்கிலேயே எழுதிவிட்டேன். அதன் பிறகு எழுத்துப் பிழைக்காகச் சண்டைக்கு வந்தவர் யாரும் இல்லை. போக ஒரு வழி இருந்தால் கோபம் பாதி இறங்கிவிடுகிறது.

என் ரிட்டர்ன் பத்தி இப்படி இருக்கிறது, வேண்டுமானால் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

"மாதிரிப் படத்துக்கு நீங்கள் 'சரி' சொல்லும் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், முழுப் பணமும் திரும்ப வரும். 'சரி' சொன்ன பிறகு பலகை உங்களுக்கென்றே பொறிக்கப்படுவதால், மனம் மாறினால் திரும்ப எடுக்க இயலாது. அதை வேறு யாருக்கும் தர முடியாது. உடைந்து வந்தாலோ, நீங்கள் அனுப்பிய எழுத்தில் நாங்கள் பிழை செய்திருந்தாலோ, வந்த 7 நாளுக்குள் படம் எடுத்து அனுப்புங்கள், எங்கள் செலவில் புதிதாகச் செய்து தருவோம் அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம். நீங்கள் அனுப்பிய எழுத்திலேயே பிழை இருந்தால் பாதி விலையில் மறுபடி செய்து தருவோம். மரத்தின் நிறமும் வரியும் பலகைக்குப் பலகை மாறும். படத்தில் இருப்பது வேறொரு பலகை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "படத்தில் இருப்பதைவிட வெளுப்பாக இருக்கிறது" என்பதுதான் எனக்கு அதிகம் வரும் புகார். அதற்காக லிஸ்டிங்கில் வெளிறிய பலகை ஒன்றும் அடர்ந்த பலகை ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எடுத்த படமும் இருக்க வேண்டும்.

மாதிரிப் படத்தோடு அனுப்பும் செய்தியிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. "ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் வரும், படிக்காமலே. நான் கேட்பது: "பெயரை எழுத்து எழுத்தாகவும் தேதியையும் பார்த்து, பலகையில் வர வேண்டியதை அப்படியே ஒரு முறை டைப் செய்து அனுப்புங்கள். அதற்கப்புறம் பொறிக்கத் தொடங்குவோம்." அவர் டைப் செய்யும்போதுதான் தன் பிழை தெரியும், என் பிழையும் தெரியும். டைப் செய்யத் தெரியாதவர் பெயரையும் தேதியையும் வாய்விட்டுப் படித்துக் குரல் பதிவாக அனுப்பட்டும். எனக்கு அந்த 14 வந்தது இந்த வரி வருவதற்கு முன்னால்.

எங்கே எதைப் போடுவது என்பதில் பெரிய வித்தை இல்லை. போனில் விவரத்தின் முதல் சில வரிகள்தான் திறக்காமலே தெரியும், அதனால் அனுப்ப வேண்டியதும் நாள் கணக்கும் அங்கே. ரிட்டர்ன் பத்தி கீழே போகலாம், ஆனால் தளத்தின் ரிட்டர்ன் கட்டத்திலும் அதே அர்த்தம் இருக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் தளம் உங்கள் பக்கம் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயர் எழுதும் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று அமைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி ஆர்டர் வெறுமையாக வரும். கட்டாயம் ஆக்கினாலும் சிலர் அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் புள்ளியை மட்டும் பொறித்துவிடாதீர்கள், கேளுங்கள்.